பாட்டு திக்குகிறதா? ட்ராக்கை உறைய வையுங்கள்

பல்லவி ஒழுங்காக ஓடுகிறது. சரணத்துக்கு முன்னால் வயலின் கூட்டமும் சிந்தசைசரும் தாளக் கருவிகளும் ஒன்றாக நுழைகிற இடத்தில் ஸ்பீக்கரிலிருந்து 'டப் டப் கர்ர்' என்று ஒரு சத்தம். அரை நொடி மௌனம். பிறகு பாட்டு விட்ட இடத்திலிருந்து தள்ளாடிக்கொண்டே தொடர்கிறது. கணினியில் இசையமைக்கிறவர்கள் எல்லோரும் இந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். உடனே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்ப்பார்கள். ப்ராசஸர் 40 சதவீதம்தான் வேலை செய்வதாக அது காட்டும். பாதிக்கு மேல் சும்மா இருக்கும்போது பாட்டு ஏன் திக்குகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாததால்தான் பலர் வேண்டாத செலவு செய்து புதுக் கணினி வாங்குகிறார்கள்.

கியூபேஸ், லாஜிக் ப்ரோ, ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டூடியோ, ரீப்பர் போன்ற இசை மென்பொருள்களில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ட்ராக் உண்டு. அந்த ட்ராக்குகள் இரண்டு வகை. பாடகர் குரலைப் போல மைக்கில் பதிவாகி, வன்தட்டில் ஒலிக்கோப்பாகக் கிடப்பது ஒன்று. அதைப் படித்து ஒலிக்கச் செய்வது கணினிக்குப் பெரிய வேலையே இல்லை. இன்னொன்று மிடி ட்ராக். அதில் ஒலி என்று எதுவும் இல்லை. எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். நீங்கள் பிளே பட்டனை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் ப்ளகின் என்கிற மென்பொருள் கருவி அந்தக் குறிப்பைப் படித்து, ஒலியை அந்த நொடியிலேயே கணக்குப் போட்டு உண்டாக்குகிறது. நேற்று நூறு முறை கேட்ட அதே நான்கு ஸ்வரங்களை இன்றும் முதலிலிருந்து கணக்குப் போடுகிறது. வீண் உழைப்பு என்று தோன்றினால், ஃப்ரீஸ் என்ற உத்தி எதற்காக வந்தது என்பதில் பாதி உங்களுக்கு விளங்கிவிட்டது.

மீதிப் பாதி, கெடு. மென்பொருள் ஒலியை ஒரே நீட்டாக ஸ்பீக்கருக்கு அனுப்புவதில்லை. சின்னச் சின்னக் கட்டுகளாகத் தயார் செய்து அனுப்புகிறது. அந்தக் கட்டின் அளவுதான் பஃபர். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் வேலை செய்யும் ப்ராஜெக்டில் பஃபரை 128 என்று வைத்தால், ஒரு கட்டு ஒலித்து முடிய 2.7 மில்லிசெகண்டு ஆகும். அதற்குள் எல்லா ட்ராக்குகளும், எல்லா எஃபெக்டுகளும், கடைசியில் மாஸ்டரும் தங்கள் கணக்கை முடித்து அடுத்த கட்டைத் தயாராக வைத்திருக்க வேண்டும். ஒரே ஒரு கட்டு தாமதமானாலும் ஸ்பீக்கருக்குக் கொடுக்க எதுவும் இருக்காது. அந்த இடைவெளிதான் நாம் கேட்கும் 'டப்'. டாஸ்க் மேனேஜர் காட்டுவது நீண்ட நேரத்தின் சராசரி. சராசரி 40 என்றாலும், நடுவில் ஒரு கட்டு மட்டும் மூன்று மில்லிசெகண்டு எடுத்துக்கொண்டால் பாட்டு திக்கத்தான் செய்யும்.

எட்டு கோர் உள்ள ப்ராசஸர்கூட இதில் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். ஒரு ட்ராக்கில் சிந்தசைசர், அதன்பின் ஈக்வலைசர், கம்ப்ரஸர், டிலே, ரிவர்ப் என்று வரிசையாக வைத்திருக்கிறீர்கள். ஈக்வலைசர் தரும் ஒலி கைக்கு வந்த பிறகுதான் கம்ப்ரஸர் தன் வேலையைத் தொடங்க முடியும். எட்டுச் சமையல்காரர்கள் நின்றாலும் பருப்பு வேகாமல் சாம்பாரைக் கொதிக்கவிட முடியாதே, அதுபோல. அதனால் ஒரு ட்ராக்கின் சங்கிலி முழுவதும் பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும். அந்த ஒரு கோர் மூச்சுத் திணறும்போது மற்ற ஏழும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே ட்ராக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை. எந்த ஒரு சங்கிலி மிக நீளமானது, மிகக் கனமானது என்பதைத்தான் தேட வேண்டும்.

திக்கல் வந்ததும் எல்லோரும் செய்கிற முதல் காரியம் பஃபரை 1024க்கு ஏற்றுவது. சரியான காரியம்தான். கெடு 21 மில்லிசெகண்டாக நீள்கிறது. நடுவில் ஒரு கட்டு கொஞ்சம் இழுத்தாலும் சமாளித்துவிடலாம். மிக்ஸிங் மட்டும் செய்கிறவர்களுக்குப் பல நேரம் இதுவே போதும். சிக்கல் பாடகர் வந்து நிற்கும்போது ஆரம்பிக்கிறது. அவர் குரல் மைக் வழியாக உள்ளே போக ஒரு பஃபர், ஹெட்போனுக்குத் திரும்பி வர இன்னொரு பஃபர். 1024இல் இரண்டும் சேர்ந்து 40 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும். தன் குரலே எதிரொலி போலப் பின்னால் வருவதைக் கேட்டுக்கொண்டு யாராலும் தாளத்தில் பாட முடியாது. பஃபரை 128க்கு இறக்கியே ஆக வேண்டும். இறக்கினால் நாள் முழுக்க உழைத்துக் கட்டிய ப்ராஜெக்ட் துண்டு துண்டாக ஒலிக்கும். ஃப்ரீஸ் உண்மையில் தேவைப்படும் இடம் இதுதான்.

ஃப்ரீஸ் செய்தால் மென்பொருள் அந்த ட்ராக்கை ஒருமுறை முழுதாகக் கணக்குப் போட்டு, விளைவை ஒலிக்கோப்பாக வன்தட்டில் எழுதிவிடுகிறது. பிறகு ப்ளகின்களைத் தூங்க வைத்துவிட்டு அந்தக் கோப்பையே ஒலிக்கச் செய்கிறது. மிடி குறிப்பும் ப்ளகின் அமைப்பும் அப்படியே பத்திரமாக இருக்கும். வேண்டும்போது உறைநிலையைக் கலைத்துவிட்டு ஸ்வரத்தை மாற்றலாம். உறைந்திருக்கும் வரை உள்ளே கை வைக்க முடியாது என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை. ஒலி அளவு, இடம் வலம், ரிவர்புக்கு அனுப்பும் அளவு ஆகியவை பொதுவாக ஃபேடர் பக்கம் இருப்பதால் அவற்றை அப்போதும் மாற்றிக்கொள்ளலாம்.

பவுன்ஸ் இதற்கு மூத்தது. 1967இல் பீட்டில்ஸ் குழு 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' ஆல்பத்தை லண்டனில் பதிவு செய்தபோது, அந்த ஸ்டூடியோவில் இருந்தவை நான்கு ட்ராக் டேப் இயந்திரங்கள். நான்கும் நிறைந்ததும் அவற்றைக் கலந்து இன்னொரு இயந்திரத்தில் ஒன்று அல்லது இரண்டு ட்ராக்காக ஏற்றுவார்கள்; காலியான ட்ராக்குகளில் அடுத்த கருவியைப் பதிவார்கள். ஒவ்வொரு தடவையும் டேப்பின் இரைச்சல் கொஞ்சம் கூடும். கலந்ததைப் பிரிக்கவும் வழியில்லை. இன்றைய பவுன்ஸில் இரைச்சல் கூடுவதில்லை, பழைய ட்ராக்கும் அழிவதில்லை. ஆனால் குணம் மாறவில்லை: முடிவெடுத்து ஒலியாக்கிவிட்டுப் புதிய ட்ராக்கில் வைப்பது. அந்த ஒலியை வெட்டலாம், திருப்பிப் போடலாம், ஓரத்தைத் தேய்க்கலாம். உறைந்த ட்ராக்கில் இவை பெரும்பாலும் முடியாது.

ஒரு உதாரணப் பாடலை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். நான்கு நிமிடம், 48 கிலோஹெர்ட்ஸ், எழுபது சொச்சம் ட்ராக்குகள், எட்டு கோர் மடிக்கணினி, ரீப்பர் மென்பொருள். 1024இல் நன்றாக ஓடுகிறது. 128இல் சரணம் உடைகிறது. ரீப்பரைத் தேர்ந்ததற்குக் காரணம், அதன் `View` மெனுவில் உள்ள `Performance Meter` எந்த ட்ராக் எவ்வளவு தின்கிறது என்று தனித்தனியாகக் காட்டும். அதில் `RT longest-block` என்று ஒரு எண்ணும் உண்டு. ஒரு கட்டைத் தயாரிக்க ஆன மிக அதிக நேரத்தை அது மில்லிசெகண்டில் சொல்லும். கெடுவை அந்த எண் எட்டிப் பிடிக்கும் இடத்தில்தான் பாட்டு உடைகிறது. சதவீதத்தைவிட நான் நம்புவது இந்த எண்ணைத்தான்.

முதலில் ப்ராஜெக்டை வேறு பெயரில் சேமிக்கிறோம். பிறகு சரணத்தை மட்டும் சுழல விட்டு, ட்ராக் பட்டியலைப் பார்க்கிறோம். எழுபதில் நாலைந்துதான் தலைதூக்கி நிற்கும். பெரும்பாலான ப்ராஜெக்டுகளில் இப்படித்தான். நம் பாடலில் முதலிடம் ஒரு பேட் ஒலிக்கு. யூ-ஹி நிறுவனத்தின் டிவா என்ற சிந்தசைசர், எட்டுக் குரல்களோடு, துல்லியத்தை `divine` என்ற உச்சத்தில் வைத்து ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய அனலாக் சுற்றுகளை நுணுக்கமாகப் போலச்செய்வதால் டிவா ப்ராசஸரைக் கடித்துத் தின்னும் என்பது இத்துறையில் பிரசித்தம். அடுத்த இடத்தில் வயலின் கூட்டத்தின் ஆறு ட்ராக்குகள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஒரு கன்வல்யூஷன் ரிவர்ப் உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது பேஸ் சிந்த். இவை எல்லாவற்றுக்கும் மேலாக மாஸ்டரில் ஒரு லிமிட்டரும் ஒரு லீனியர் பேஸ் ஈக்வலைசரும்.

தொடங்க வேண்டியது மாஸ்டரிலிருந்து. எல்லா ட்ராக்கும் வந்து சேர்ந்த பிறகே மாஸ்டர் வேலை தொடங்க முடியும் என்பதால், அங்கே செலவாகும் நேரம் எல்லாச் சங்கிலிகளின் வாலிலும் ஒட்டிக்கொள்கிறது. எத்தனை ட்ராக்கை உறைய வைத்தாலும் அது குறையாது. போதாக்குறைக்கு, லீனியர் பேஸ் ஈக்வலைசரும் முன்கூட்டிப் பார்க்கும் லிமிட்டரும் ஒலியைத் தாமதப்படுத்தித்தான் வெளியே விடும். பஃபரை 128க்கு இறக்கியும் பாடகர் "சார், லேட்டா வருது" என்று சொன்னால் சந்தேகப்பட வேண்டியது இவற்றைத்தான். பாட்டு இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும்போது மாஸ்டரில் லிமிட்டர் எதற்கு என்பது என் கேள்வி. சத்தமாகக் கேட்கும் சுகத்தைத் தவிர வேறு பயன் எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் ஆஃப்லைன் ஆக்குகிறோம். பைபாஸ் வேறு, முழுதாக அணைப்பது வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். உதாரணமாக கியூபேஸில் பைபாஸ் செய்த ப்ளகின் பின்னணியில் கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருக்கும். முற்றாக அணைத்தால்தான் சுமை இறங்கும்.

இப்போது பேட். ட்ராக்கின் மேல் வலது பக்கம் சொடுக்கி, ஃப்ரீஸ் கட்டளைகளில் ஸ்டீரியோவுக்கு உரியதைத் தேர்கிறோம். சில நொடிகளில் முடிந்துவிடும். கெடுவுக்கு ஓட வேண்டிய கட்டாயம் இல்லாததால் கணினி தன் முழு வேகத்தில் எழுதித் தள்ளும். மிடி இருந்த இடத்தில் அலைவடிவம் தெரியும். மீட்டரில் அந்த ட்ராக்கின் சுமை கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துவிடும். இதற்கு ஆகும் இடம் எவ்வளவு? 32 பிட் ஃப்ளோட் ஸ்டீரியோவில் நான்கு நிமிடம் சுமார் 92 எம்பி. இருபது ட்ராக்கை உறைய வைத்தாலும் இரண்டு ஜிபிக்குள்தான். இன்றைய எஸ்எஸ்டிக்கு இது தூசு.

வயலின்களை உறைய வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம். ஆறு ட்ராக்குகளிலும் இருப்பது ஒரே அரங்கத்தின் ரிவர்ப்தான் என்றால், ஆறையும் எடுத்துவிட்டுத் தனியாக ஒரு ரிவர்ப் ட்ராக் வைத்து, ஆறிலிருந்தும் அதற்கு அனுப்பினால் போதும். ஆறு கணக்கு ஒன்றாகிறது. ஒலியும் பெரும்பாலும் தெளிவாகவே ஆகும், வயலின்களைத் திருத்தும் உரிமையும் கையில் இருக்கும். திக்கல் என்றதும் ஃப்ரீஸ் பட்டனைத் தேடுகிறவர்கள் இந்த மாதிரி விரயத்தையும் சேர்த்து உறைய வைத்துவிடுகிறார்கள்.

பேஸ் சிந்த் கொஞ்சம் வில்லங்கமானது. கிக் டிரம் அடிக்கும்போதெல்லாம் பேஸ் சற்றுத் தணிய வேண்டும் என்பதற்காக அதில் ஒரு கம்ப்ரஸர் வைத்து, கிக்கை அதற்குச் சைட்செயினாகக் கொடுத்திருக்கிறோம். அப்படியே உறைய வைத்தால் இன்றைய கிக் விழும் இடங்களில் ஏற்பட்ட தணிவுகளும் சேர்ந்து உறைந்துவிடும். நாளை தாளக்காரர் கிக்கை இரண்டு இடத்தில் மாற்றினால், கிக் இல்லாத இடத்தில் பேஸ் அமுங்கும், இருக்கும் இடத்தில் முட்டிக்கொள்ளும். ஏன் தாளம் நொண்டுகிறது என்று ஒரு மாலைப் பொழுது முழுக்கத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அதனால் கம்ப்ரஸரை மட்டும் எடுத்துத் தற்காலிகமாக ஒரு காலி ட்ராக்கில் போட்டுவிட்டு, சிந்தசைசரை உறைய வைத்து, பிறகு கம்ப்ரஸரைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறோம். கிக்கிலிருந்து வரும் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம். ரீப்பரில் உறைந்த ட்ராக்கின் மேல் புது எஃபெக்ட் வைக்கத் தடையில்லை. கனமான பகுதி உறைந்தது, மெல்லிய பகுதி உயிரோடு இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகு 128இல் சரணம் ஓடும். ஒருவேளை பாடகரின் ட்ராக்கை ரெக்கார்டுக்குத் தயாராக்கியதும் மீண்டும் ஒரு 'டப்' வந்தால், அதற்கும் காரணம் உண்டு. ஏற்கெனவே பதிவான ட்ராக்குகளைப் பெரும்பாலான மென்பொருள்கள் கொஞ்சம் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்கின்றன. கியூபேஸில் இதன் பெயர் `ASIO-Guard`. அடுத்து என்ன வரப்போகிறது என்று அந்த ட்ராக்குகளில் தெரியும், அதனால் இது முடிகிறது. மைக்கிலிருந்து வரும் குரலை முன்கூட்டித் தயாரிக்க முடியுமா? அந்த ட்ராக்கும் அது போய்ச் சேரும் மாஸ்டரும் கெடுவுக்குள் உடனுக்குடன் வேலை செய்தாக வேண்டும். எனவே குரல் ட்ராக்கில் பதிவின்போது கனமான எஃபெக்ட் எதுவும் வேண்டாம். பாடகரின் தைரியத்துக்கு ஒரு எளிய ரிவர்ப் போதும். லாஜிக் ப்ரோவிலும் இதே கதைதான். கனமான சிந்தசைசர் ட்ராக் தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையில் பிளே செய்தால், நீங்கள் அதை வாசிக்கப் போகிறீர்கள் என்று நினைத்து அதை உடனடிக் கணக்கில் போட்டுவிடும். ஒரு காலி ஆடியோ ட்ராக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு பிளே செய்தால் சில ப்ராஜெக்டுகளில் திக்கலே நின்றுவிடும்.

மற்ற மென்பொருள்களில் பட்டன்கள் இருக்கும் இடம் வேறு, காரியம் ஒன்றுதான். லாஜிக்கில் ட்ராக் தலைப்பில் பனித்துகள் சின்னம் இருக்கும். இல்லாவிட்டால் வரவழைத்துக்கொள்ள வேண்டும். அதை அழுத்திவிட்டு பிளே செய்தால் உறையத் தொடங்கும். கருவியை மட்டும் உறைய வைத்து எஃபெக்டுகளை விட்டுவைக்க `Source Only` என்று ஒரு வழியும் உண்டு. பேஸ் கதையில் நாம் கையால் செய்தது கிட்டத்தட்ட அதுவே. ஏபிள்டன் லைவில் `Freeze Track`. உறைந்ததை நிரந்தர ஒலியாக்க `Flatten`. கியூபேஸில் உறைய வைக்கும்போது இரண்டு விஷயம் கேட்கும். `Tail Size` என்பது, கடைசி ஸ்வரத்துக்குப் பிறகு ரிவர்ப் எத்தனை நொடி இழுக்கும் என்பது. இதைப் பூஜ்யத்தில் விட்டால் பாட்டு முடியும் இடத்தில் கத்தரித்தாற்போல நின்றுவிடும். இன்னொன்று, கருவியை நினைவகத்திலிருந்து இறக்கிவிடட்டுமா என்பது. பெரிய வயலின் நூலகங்கள் பல ஜிபி ரேமைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதைத் தேர்ந்தெடுத்தால்தான் அந்த இடம் விடுபடும்.

எந்த மென்பொருளானாலும் உறைய வைத்த பிறகு ஒருமுறை தனியாகக் கேட்பது அவசியம். குறிப்பாகக் கடைசி ஸ்வரத்தையும் அதற்குப் பிந்திய சில நொடிகளையும். இன்னொரு காரணமும் உண்டு. மாதிரி ஒலிகளைக் கொண்ட பல கருவிகள் ஒரே ஸ்வரத்துக்கு நாலைந்து பதிவுகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஒலிக்கும். டிவா போன்ற சிந்தசைசர்கள் ஒவ்வொரு முறையும் சற்றே வேறு மாதிரி அசையும். உறைய வைத்த அந்த ஒரு ஓட்டத்தில் என்ன விழுந்ததோ அதுவே நிலைத்துவிடும். பிடிக்காவிட்டால் கலைத்துவிட்டு இன்னொரு தடவை உறைய வைக்கலாம். வேகத்தை மாற்றும் எண்ணம் இருந்தாலும் முதலில் கலைக்க வேண்டும். மிடி புது வேகத்துக்குத் தானாக நடக்கும். எழுதப்பட்ட ஒலி நடக்காது, நடந்தாலும் இழுபட்டுத்தான் நடக்கும்.

பவுன்ஸில் நடக்கும் தவறுகள் வேறு ரகம். எல்லோரும் விழுகிற குழி, ஒரே காரியம் இரண்டு முறை நடப்பது. ஃபேடர் மைனஸ் 6 டெசிபலில் இருக்கிறது. அந்த அளவையும் சேர்த்து பவுன்ஸ் செய்கிறீர்கள். புது ட்ராக்கின் ஃபேடரும் பழக்கதோஷத்தில் மைனஸ் 6க்குப் போகிறது. கருவி மிக்ஸில் இருந்த அளவைவிட 6 டெசிபல் தாழ்ந்து எங்கோ மூலையில் கேட்கும். ரிவர்பும் அப்படித்தான். அனுப்பிய ரிவர்பையும் சேர்த்து எழுதிவிட்டு, அந்தக் கோப்பை மறுபடி அதே ரிவர்புக்கு அனுப்பினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகும். கியூபேஸின் `Render in Place` எதுவரை சேர்க்க வேண்டும் என்று தெளிவாகவே கேட்கிறது: எஃபெக்ட் இல்லாமல், அந்தச் சேனலோடு, பாதை முழுவதோடு, மாஸ்டர் எஃபெக்டும் சேர்த்து என்று நான்கு. சுமையைக் குறைப்பதற்காகத்தான் செய்கிறீர்கள் என்றால் சேனல் எஃபெக்டுகளோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போவது சுமை குறைக்கும் வேலை இல்லை, மிக்ஸை முடிக்கும் வேலை. வடிவம் 32 பிட் ஃப்ளோட் ஆக இருக்கட்டும். சிந்தசைசர் எங்காவது பூஜ்ய டெசிபலைத் தாண்டிக் குதித்திருந்தால் 24 பிட் கோப்பு அதன் தலையைச் சீவிவிடும். ஃப்ளோட்டில் அது தப்பிக்கும்.

பவுன்ஸ் சரியாக வந்திருக்கிறதா என்று சந்தேகமா? காதை நம்ப வேண்டாம், எளிய சோதனை இருக்கிறது. பழைய ட்ராக்கையும் புது ட்ராக்கையும் ஒரே அளவில் வைத்துச் சேர்த்து ஒலிக்க விட்டு, ஒன்றின் ஃபேஸை மட்டும் தலைகீழாக்குங்கள். இரண்டும் ஒன்றேயானால் ஒன்றையொன்று அழித்து முழு மௌனம் வரும். ஏதாவது மிச்சமாகக் கேட்டால் அதுதான் வித்தியாசம். மிச்சம் ரிவர்ப் போல ஒலித்தால் ரிவர்ப் விட்டுப்போயிருக்கிறது அல்லது கூடிப்போயிருக்கிறது. முழுக் கருவியும் மெலிதாகக் கேட்டால் அளவு பிசகியிருக்கிறது. தானாக அசையும் சிந்தசைசர்களில் மட்டும் இந்தச் சோதனை பலிக்காது, ஏனென்றால் அவை தமக்குத் தாமே ஒத்துப்போவதில்லை.

ஃப்ரீஸால் தீராத திக்கல்களும் உண்டு. இரண்டு மூன்று ட்ராக் மட்டும் உள்ள ப்ராஜெக்டிலும் அவ்வப்போது 'டப்' வந்தால், மீட்டர் தாழ்வாக இருக்கும்போதே வந்தால், குற்றவாளி ப்ராஜெக்டுக்கு வெளியே இருக்கிறான். விண்டோஸ் கணினிகளில் வைஃபை டிரைவரோ கிராஃபிக்ஸ் டிரைவரோ ப்ராசஸரை ஓரிரு மில்லிசெகண்டு பிடித்து வைத்துக்கொள்வது சகஜம். `LatencyMon` என்ற இலவசக் கருவியைச் சற்று நேரம் ஓடவிட்டால் எந்த டிரைவர் என்று பெயரோடு சொல்லிவிடும். அரை மணி நேரம் ஒழுங்காக ஓடிய பிறகுதான் திக்கத் தொடங்குகிறது என்றால் சூடு. ஏசி அணைத்த மே மாத அறையில் மடிக்கணினி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் ஓட்டினாலும் பல கணினிகள் இதையே செய்யும். ரேம் நிரம்பி வழிந்தால் வன்தட்டோடு மல்லுக்கட்டல் தொடங்கும். அப்போது கருவியை நினைவகத்திலிருந்து இறக்காமல் வெறுமனே உறைய வைப்பதில் லாபம் சொற்பம்.

பாடகர் வந்து காத்திருக்கிறார், உறைய வைக்க நேரமில்லை என்றால், பழைய ஸ்டூடியோக்காரர்களின் வழி இன்றும் செல்லுபடியாகும். முழுப் பாட்டையும் முதல் பாரிலிருந்து ஒரே ஸ்டீரியோ கோப்பாக பவுன்ஸ் செய்யுங்கள். அதே வேகம், அதே 48 கிலோஹெர்ட்ஸ் வைத்துப் புது ப்ராஜெக்ட் திறந்து, அந்தக் கோப்பை முதல் பாரில் வைத்து, பஃபரை 64க்கோ 128க்கோ இறக்கிக் குரலைப் பதியுங்கள். பதிவு முடிந்ததும் குரல் கோப்புகளையும் முதல் பாரிலிருந்தே தொடங்கும்படி எழுதிப் பழைய ப்ராஜெக்டில் போட்டால் இம்மியளவும் பிசகாமல் உட்காரும். ஓட்டை மடிக்கணினியில்கூட இது ஓடும். சுருதி, இசைக்கோர்வை எல்லாம் முடிவான பாட்டுக்கு என் ஓட்டு இந்த வழிக்குத்தான். பாடகர் முன்னால் நின்றுகொண்டே "இந்த இடத்தில் பேடை எடுத்துவிடலாமா?" என்று யோசிக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஃப்ரீஸோடு இருக்கட்டும்.

பாட்டை ஒப்படைக்கிற அன்று இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு ட்ராக்கையும் முதல் பாரிலிருந்து ஒலிக்கோப்பாக பவுன்ஸ் செய்து, கருவியின் பெயரைக் கோப்பின் பெயராக வைத்து, தனி வன்தட்டில் போடுங்கள். 2013இல் லாஜிக் ப்ரோ எக்ஸ் வந்தபோது 32 பிட் ப்ளகின்களை அது ஏற்கவில்லை. அவற்றை நம்பி உறைய வைக்காமல், பவுன்ஸும் செய்யாமல் வைத்திருந்த பழைய ப்ராஜெக்டுகள் புதுப் பதிப்பில் திறந்தபோது அந்தக் கருவிகள் ஊமையாகிவிட்டன. எழுபது ட்ராக், நான்கு நிமிடம், ஃப்ளோட் ஸ்டீரியோ என்றால் ஆறரை ஜிபி.